மட்டக்குளி பஸ்ஸில் தமிழ்ப் பாடம்

என்னுடைய நேரசூசியை அப்பா வீட்டுப் பிளான் கீறுகிற பெரிய தாளில்தான் கீறினார். மஸ்கட்டில் ஒரு கட்டடக் கம்பனியில் பன்னிரண்டு வருசம் பிளான் கீறியவர் அவர். அந்தக் கம்பனி ஆட்களைக் குறைத்தபோது எங்களையும் கூட்டிக்கொண்டு கொழும்புக்கு வந்தார். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக இறங்குகிற ஒரு ஒழுங்கையில், மூன்றாம் மாடியில் வாடகைக்கு வீடு எடுத்தோம். சாப்பாட்டு மேசையிலேயே யாருக்காவது வீட்டுப் பிளான் கீறிக்கொடுத்துக்கொண்டிருந்தார். அதே மேசையில், கோடு கீறுகிற அதே அடிமட்டத்தாலும் பென்சிலாலும், பதினோராம் வகுப்புச் சாதாரண தரப் பரீட்சைக்கு முந்தின வருசம், எந்த நேரம் எந்தப் பாடம் படிக்கிறது என்று எனக்கும் ஒரு பிளான் கீறினார்.

கணிதத்துக்கு நீலம். விஞ்ஞானத்துக்குப் பச்சை. ஆங்கிலம், வரலாறு, சமயம் எல்லாத்துக்கும் வெவ்வேறு நிறங்கள். தாள் முழுக்க நீலமும் பச்சையுமாக இருந்தது. யன்னலுக்கு வெளியே தெரிகிற கடலை யாரோ கட்டம் கட்டமாக வெட்டி ஒட்டிவிட்டதுபோல எனக்குத் தோன்றும். வலது பக்கம் கீழ் மூலையில், ஞாயிறு பின்னேரம் நாலு மணியிலிருந்து நாலே முக்கால் மட்டும், ஒரு சின்னச் செம்மஞ்சள் கட்டம். அதுதான் தமிழ்.

ஞாயிறு நாலு மணிக்கு எங்கள் ஒழுங்கை முழுவதும் நித்திரை கொள்ளும். தண்டவாளத்தில் கோச்சி போகிற சத்தம்கூட நித்திரைக்குள்ளிருந்து வருவதுபோலக் கேட்கும். மத்தியானச் சோறு கண்ணிமையில் வந்து குந்தியிருக்கும். நான் தமிழ்ப் புத்தகத்தைத் திறப்பேன். எழுத்துகள் ஒன்றோடொன்று கைகோத்துக்கொண்டு மெல்ல அசையும். ழகரம் ஒரு சுழியைத் தூக்கிக்கொண்டு அடுத்த வரிக்கு நடந்துபோகும். நாலே முக்காலுக்கு அம்மா தேத்தண்ணி கொண்டுவரும்போது நான் முதல் பந்தியிலேயே இருப்பேன்.

நான் தமிழ் பேசுவேன். வீட்டில் அதுதான் பாசை. ஆனால் மஸ்கட்டில் படித்ததெல்லாம் ஆங்கிலத்தில். எழுத்துக்கூட்டி வாசிக்க அம்மா வெள்ளிக்கிழமைகளில் சொல்லித்தந்திருந்தார், அவ்வளவுதான். ஒன்பதாம் வகுப்பில் கொழும்புக்கு வந்தபோது பள்ளிக்கூடங்களில் ஆங்கில மூல வகுப்புகள் தொடங்கியிருந்தன. அதில் சேர்ந்தால் கணிதமும் விஞ்ஞானமும் ஆங்கிலத்திலேயே செய்யலாம் என்று அப்பா சந்தோசப்பட்டார். தாய்மொழியை மட்டும் ஒருவரும் விடமுடியாது. என்ன மூலத்தில் படித்தாலும் தமிழ்ப் பிள்ளைக்குத் தமிழ் கட்டாயம். அந்தப் பரீட்சையில் அது சித்தியில்லாவிட்டால், கணிதத்தில் நூறு எடுத்தாலும் உயர்தர வகுப்புக்குள் போக ஏலாது.

பதினோராம் வகுப்பு முதலாம் தவணையில் எனக்குக் கணிதம் எண்பத்தெட்டு, விஞ்ஞானம் எண்பத்தொன்று, தமிழ் இருபத்தேழு.

பெற்றோர் சந்திப்புக்கு அம்மாதான் வந்தார். தமிழ் படிப்பிக்கிற மிஸ் எங்கள் இரண்டு பேரையும் வகுப்பின் பின்வாங்கில் இருத்தி, என் விடைத்தாளை விரித்துவைத்தார். முதல் பக்கத்துக்குப் பிறகு சிவப்பு மையே இல்லை.

"பிழையளை எண்ணிக்கொண்டு வந்தன். ரெண்டாம் பக்கத்தில எண்ணுறதை விட்டிட்டன்" என்றார் மிஸ். கோபமாகச் சொல்லவில்லை. மருந்து எழுதுகிற டொக்டரின் குரல்.

"வீட்டில நல்லாக் கதைப்பாள், மிஸ்" என்றார் அம்மா.

"கதைக்கிறதுக்குப் புள்ளி இல்லையே." மிஸ் தாளைப் புரட்டினார். "இஞ்ச பாருங்கோ. கட்டுரைக்கு மூண்டு பக்கம் எழுதியிருக்கிறா. ஒரு மணித்தியாலம் போயிருக்கும். கிடைச்சது நாலு புள்ளி. கடிதத்துக்கு நேரமில்லை, பாதியில நிக்குது. சுருக்கத்தைத் தொடவே இல்லை. கிரகித்தல்ல விடை பந்தியிலேயே இருக்கு, பாத்து எழுதினால் காணும், வேற ஒண்டும் வேண்டாம். அதிலயும் தன்ர சொந்தச் சொல்லில எழுதப்போய்ப் பிழை விட்டிருக்கிறா."

பிறகு என்னைப் பார்த்தார். "பிள்ளை, நீர் தமிழில கெட்டிக்காரியாக வேண்டாம். அதுக்கு இப்ப நேரமுமில்லை. முப்பத்தைஞ்சு எடுத்தால் சித்தி. அந்த முப்பத்தைஞ்சும் எங்க கிடக்குது எண்டு பாத்து, அதைக் கைவிடாமல் பிடியும். கடிதத்துக்கு ஒரு சட்டம் இருக்கு. முகவரி, திகதி, விளிப்பு, தலைப்பு, முடிவு. அது கணக்கு மாதிரி, பிழைக்காது. சுருக்கமும் கிரகித்தலும் உமக்கு முன்னாலேயே கிடக்கிற புள்ளி. இலக்கியத்தில நாலு பாட்டை மட்டும் எடுத்து வடிவாப் படியும். கட்டுரையைக் கடைசியில எழுதும். சின்னச் சின்ன வசனம். தெரியாத சொல்லைத் தொடவேண்டாம்."

அம்மா அதையெல்லாம் கைப்பையிலிருந்த, கொழும்பில் தங்கத் தமிழர் எடுக்கவேண்டிய பொலிஸ் பதிவுத் துண்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார். வேறு கடதாசி இருக்கவில்லை.

அன்றைக்குப் பின்னேரம் அம்மா அப்பாவிடம் கேட்டார். "தமிழுக்குக் கிழமையில இன்னும் ரெண்டு மணித்தியாலம் வேணும்."

அப்பா நேரசூசியை நெடுநேரம் பார்த்தார். "எங்க கிடக்குது? காட்டும் பாப்பம். கணிதத்தில எடுக்கிறதே? ஏ எடுக்காட்டி உயர்தரத்தில என்னத்தைச் செய்யிறது? தமிழில சித்தியடைஞ்சால் காணும்தானே?"

"சித்தியடையாட்டித்தானே பிரச்சினை."

"அதுக்குத்தான் ஞாயிற்றுக்கிழமை இருக்கு" என்றார் அப்பா.

அந்தச் சனிக்கிழமை, கொட்டாஞ்சேனைக் கணித வகுப்புக்கு என்னைக் கூட்டிப்போகும்போது, அம்மா தன் பைக்குள் ஒரு எண்பது பக்கக் கொப்பியை வைத்துக்கொண்டார்.

கொட்டாஞ்சேனையில் ஒரு கணித ஆசிரியர் தன் வீட்டு மேல்மாடியில் ஆங்கில மூலத்தில் பத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் வகுப்பு வைத்திருந்தார். அந்த வகுப்பில் இடம் கிடைத்ததை அப்பா பெரிய அதிர்ஷ்டமாக நினைத்தார். காலி வீதியில் மட்டக்குளி போகிற பஸ்ஸை நானும் அம்மாவும் பிடிப்போம். சாதாரணமாக ஒரு மணித்தியாலத்துக்குள் போய்விடலாம். ஆனால் அந்த வருசங்களில் எந்தப் பயணமும் சாதாரணமாக இருக்கவில்லை. சமாதானம் முறிந்து சண்டை மறுபடி பெருத்திருந்தது. பஸ்ஸில் குண்டு வெடிக்கும் என்று எல்லாருக்கும் பயம். வழியில் இரண்டு மூன்று இடத்தில் பஸ்ஸை மறிப்பார்கள். எல்லாரும் இறங்கி வரிசையில் நின்று, அடையாள அட்டையைக் காட்டி, பையைத் திறந்து காட்டி, நடந்துபோய், அந்தப் பக்கம் நிற்கிற பஸ்ஸில் ஏறவேண்டும். முன்னால் ஐந்தாறு பஸ் நின்றால் அரை மணித்தியாலம். சில நாள் முக்கால்.

அந்த நேரத்தை அப்பா நேரசூசியில் போடவில்லை. போடவும் முடியாது. அது ஒருவருக்கும் சொந்தமில்லாத நேரம். அம்மா அதை எடுத்துக்கொண்டார்.

பஸ்ஸில் தமிழ் கதைப்பதை அப்போது எல்லாரும் குறைத்திருந்தார்கள். கதைத்தாலும் காதோடுதான். அம்மா என் காதுக்குள் சொல்லுவார்: "வாழை. ழ. வாள், ள. வால், ல." நான் மடியில் கொப்பியை வைத்து எழுதுவேன். பஸ் அசைந்தால் எழுத்தும் அசையும். பிழையான எழுத்தை அம்மா சிவப்புப் பேனையால் வட்டமிடுவார். வெயில் யன்னல் கம்பி வழியாக வந்து கொப்பியில் கோடு கோடாக விழும். இறங்கி வரிசையில் நிற்கும்போது ஒரு இலக்கியப் பாட்டைச் சொல்லுவார், ஒவ்வொரு அடிக்கும் ஒரு எட்டு முன்னால் நகர்வோம். நான் வாய்க்குள் திருப்பிச் சொல்லுவேன். யாராவது பார்த்தால் இரண்டு பேரும் செபிக்கிறோம் என்று நினைத்திருப்பார்கள்.

இன்றைக்கு நினைத்தால் ஒரு கனவுபோல இருக்கிறது. பயம் இருந்தது. அது எனக்குத் தெரியும், அம்மாவின் கை குளிர்ந்திருக்கும். ஆனால் எனக்கு ஞாபகம் இருப்பது அந்தக் கிசுகிசுப்புத்தான். மஸ்கட்டில் அம்மா எனக்குச் சொன்னவை சாப்பிடு, குளி, படு என்கிற சொற்கள். இந்தச் சொற்கள் வேறு. அம்மா யாழ்ப்பாணத்தில் கலைப்பிரிவில் உயர்தரம் படித்தவர் என்பதே எனக்கு அந்தப் பஸ்ஸில்தான் தெரியவந்தது. பரீட்சை எழுதியபிறகு கலியாணம். பல்கலைக்கழகத்துக்கு இடம் வந்ததா என்று கேட்டேன். "வந்தது" என்றார். அவ்வளவுதான். பஸ் வெளிக்கிட்டுவிட்டது.

இரண்டாம் தவணையில் எனக்கு முப்பத்தொன்று. அப்பா தலையாட்டினார். இன்னும் நாலுதானே என்றார்.

பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்கையில்தான் அது நடந்தது. அன்றைக்கு வரிசை நீளம். பையைச் சோதித்த இராணுவப் பெண் என்னைவிட ஐந்தாறு வயது கூடியவளாக இருப்பாள். சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து பார்த்தாள், மூடினாள். கணிதப் புத்தகத்தைப் புரட்டினாள். பிறகு அந்தக் கொப்பியை எடுத்தாள். அது திறந்த இடத்தில் ஒரு கடிதம் இருந்தது. தெருவிளக்கு எரியவில்லை என்று மாநகர ஆணையாளருக்கு முறைப்பாடு, கடந்தகாலப் பரீட்சைத் தாளில் வந்த கேள்வி. பக்கம் முழுக்க, எழுத்துகளைச் சுற்றிச் சிவப்பு வட்டங்கள். சில வட்டங்களிலிருந்து ஓரத்துக்கு அம்புக்குறி.

"மே மொகக்த?" என்று கேட்டாள். இது என்ன?

அம்மாவுக்குச் சிங்களம் கடைக்குப் போகிற அளவுக்குத்தான். "லமயாகே விபாகெட்ட" என்றார். பிள்ளையின் பரீட்சைக்கு. அவள் வட்டங்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு விரலால் கோடு இழுத்தாள். அவளுக்கு அது ஏதோ இரகசிய வரைபடமாகத் தெரிந்திருக்கும் என்று எனக்கு அப்போதே விளங்கியது. அம்மாவின் அடையாள அட்டையை மறுபடி வாங்கினாள். பிறந்த இடம் யாழ்ப்பாணம். எங்களை ஒரு பக்கமாக நிற்கச் சொன்னாள்.

பஸ்ஸில் வந்தவர்கள் எல்லாரும் எங்களைக் கடந்து நடந்துபோனார்கள். ஒருவரும் எங்களைப் பார்க்கவில்லை, பார்க்கக்கூடாது என்று அவர்களுக்குத் தெரியும். எங்கள் பஸ் போனது. அடுத்த பஸ்ஸும் வந்து போனது. மணல் மூட்டைகளுக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கூரை இருந்தது. அதன் கீழ் நின்றோம். பின்னுக்கு எங்கேயோ ஒரு வானொலியில் கிரிக்கெட் வர்ணனை போனது. வகுப்பு தொடங்குகிற நேரமும் போனது. நான் அம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்திருந்தேன், சின்னப் பிள்ளைபோல.

கடைசியில் ஒரு பொலிஸ்காரரைக் கூட்டிவந்தார்கள். நாற்பது வயது இருக்கும், மூக்குக்கண்ணாடி போட்டவர். கதிரையில் இருந்து கொப்பியை வாங்கினார். விரலை முதல் எழுத்தில் வைத்தார். வாசிக்கத் தொடங்கினார்.

"மா... நகர... ஆணை... யாளர்... அவர்கள்."

ஒவ்வொரு எழுத்தாக, மெதுவாக, பிழையில்லாமல். நான் வாசிக்கிற மாதிரியே வாசித்தார். என்னை மறந்து அவருடைய விரலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அடுத்த எழுத்து என்ன என்று எனக்கும் ஒரு கணம் தடுமாறியது. ஒரு பந்தி வாசித்து முடித்ததும் நிமிர்ந்தார்.

"சிவப்பு வட்டம் எதற்கு?" என்று கேட்டார். புத்தகத்தில் இருக்கிற மாதிரியான தமிழ்.

"எழுத்துப் பிழை, சேர்" என்றார் அம்மா. "பிள்ளை வெளிநாட்டில படிச்சவள். தமிழ் சோதினை வருது. பிழையான எழுத்தை வட்டம் போடுறனான்."

அவர் மறுபடி குனிந்தார். ஒரு வட்டத்துக்குள் இருந்த சொல்லைப் பார்த்தார். நான் 'விழக்கு' என்று எழுதியிருந்தேன். அவர் உதடுகள் அசைந்தன.

"விளக்கு" என்றார். "ள. சரியா?"

"ஓம், சேர்."

"சிங்களத்திலும் ல இரண்டு உண்டு. சத்தம் ஒன்று, எழுத்து இரண்டு. எங்களுடைய பிள்ளைகளுக்கும் அதில்தான் புள்ளி போகும்." அம்மாவைப் பார்த்துச் சொன்னார். "நானும் தமிழ்ப் பரீட்சை எழுதினேன். வேலைக்காக. கடிதம் வந்தது. கட்டுரை வரவில்லை. இருந்தாலும் சித்தி."

என்னிடம் திரும்பினார். "திகதி எங்கே?"

நான் அம்மாவைப் பார்த்தேன்.

"கடிதத்தில் திகதி இல்லை" என்றார்.

உண்மையில் இல்லை. முகவரி எழுதியிருந்தேன், விளிப்பு எழுதியிருந்தேன், தலைப்பின் கீழ் அடிமட்டம் வைத்துக் கோடும் போட்டிருந்தேன். திகதியை விட்டுவிட்டேன். அம்மாவும் ழகர ளகரத்தைப் பார்த்த அவசரத்தில் அதைக் காணவில்லை. அம்மா என்னைப் பார்த்தார், அந்த இடத்திலும் அவருடைய முகத்தில் ஒரு ஆசிரியையின் எரிச்சல் வந்துபோனது.

பொலிஸ்காரர் அந்த இராணுவப் பெண்ணிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னார். அவள் சிரிக்கவில்லை. ஆனாலும் அடையாள அட்டையைத் தந்தாள். ஒரு பெரிய பதிவுக் கொப்பியில் எங்கள் பெயரும் முகவரியும் எங்கே போகிறோம் என்பதும் எழுதப்பட்டன. பிறகு போகச் சொன்னார்கள்.

கொட்டாஞ்சேனைக்குப் போய்ச் சேர்ந்தபோது வகுப்பு முடிந்து பிள்ளைகள் படியால் இறங்கிக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு நிகழ்தகவு படிப்பித்திருந்தார்கள். ஒரு பிள்ளையிடம் குறிப்பைப் பிரதிபண்ண வாங்கிக்கொண்டு திரும்பினோம். திரும்புகிற பஸ்ஸில் அம்மா ஒரு சொல்லும் சொல்லித்தரவில்லை.

அப்பா பல்கனியில் நின்றார். நடந்ததை அம்மா சொல்லி முடிக்குமட்டும் கேட்டார். அவருடைய முகம் வெளிறிப்போய் இருந்தது. பயம் கோபமாக மாற ஒரு நிமிடம் எடுத்தது.

"ஒரு தமிழ்க் கொப்பியைக் கொண்டுபோய் ஆமியிட்டக் குடுத்திருக்கிறீர். ஏதும் நடந்திருந்தால்? கணித வகுப்பும் போச்சு. இனி அந்தக் கொப்பி இந்த வீட்டு வாசலைத் தாண்டக்கூடாது."

"சரி" என்றார் அம்மா. "தாண்டாது. அப்ப எப்ப படிக்கிறது?"

"ஞாயிற்றுக்கிழமை..."

"ஞாயிறு நாலு மணிக்கு நீங்களும் நித்திரை, நானும் நித்திரை, அவளும் நித்திரை." அம்மா நேரசூசிக்கு முன்னால் போய் நின்றார். அவர் அப்படி நின்று நான் பார்த்ததில்லை. "எனக்கு முந்திக் கேட்ட ரெண்டு மணித்தியாலமும் வேண்டாம். இந்த முக்கால் மணித்தியாலத்தையும் நீங்களே எடுங்கோ, விஞ்ஞானத்துக்குக் குடுங்கோ. பதிலுக்கு நல்ல நேரத்தில ஒவ்வொரு நாளும் இருபது நிமிசம் தாங்கோ. காலமை, தலை தெளிவா இருக்கேக்க."

"காலமை இரசாயனச் சமன்பாடு படிக்கிற நேரம்."

"அதில எண்பத்தொண்டு எடுக்கிறாள். எண்பத்தொண்டு எழுபத்தெட்டாய்ப் போனாலும் அது ஏதான். இது முப்பத்தொண்டிலேயே நிண்டால் அந்த ஏயை வைச்சு என்ன செய்யிறது?"

கணக்கு அப்பாவுக்கு விளங்கும். அழிறப்பரை எடுத்தார். பச்சைக் கட்டங்களின் மேல் விளிம்பை ஒவ்வொன்றாக மெல்ல அழித்து, அடிமட்டம் வைத்து, செம்மஞ்சளில் ஒரு ஒடுக்கமான கீற்றுப் போட்டார். திங்கள் முதல் வெள்ளி மட்டும். கொட்டாஞ்சேனை வகுப்புக்கு அதன்பிறகு அவரே என்னைக் கூட்டிப்போனார். பஸ்ஸில் நாங்கள் இரண்டு பேரும் ஒன்றும் கதைப்பதில்லை. நான் யன்னலைப் பார்த்துக்கொண்டு, கடைப் பெயர்ப் பலகைகளில் இருக்கிற தமிழ்ச் சொற்களில் பிழை தேடுவேன். கொழும்பில் அதற்குக் குறைவில்லை.

காலை இருபது நிமிடம் வேறு மாதிரி இருந்தது. கடல் இன்னும் சாம்பல் நிறத்தில் கிடக்கும். அம்மா கூந்தலைக்கூட முடியாமல் வந்து இருப்பார். திங்கள் கடிதம், செவ்வாய் சுருக்கம், புதன் கிரகித்தல், வியாழன் பாட்டு, வெள்ளி எழுத்துப் பிழை. கட்டுரைக்கு நாள் இல்லை. நூலகத்தின் பயன், சூழல் மாசடைதல் என்று இரண்டு கட்டுரைகளை மிஸ் தந்திருந்தார். இரண்டையும் எனக்கு எழுத வருகிற சொற்களால் மட்டும் சின்ன வசனங்களாக அம்மா திருப்பி எழுதினார். ஒவ்வொரு சொல்லையும் தொட்டு, "இது உனக்கு வருமோ?" என்பார். வராது என்றால் வெட்டுவார். நல்ல சொற்களை வெட்டும்போது பேனை ஒரு கணம் நிற்கும். அதை நான் கண்டேன்.

மார்கழியில் பரீட்சை. எங்கள் மண்டபத்தில் மின்விசிறிகள் மெதுவாகச் சுற்றின. தமிழ் இரண்டாம் வினாத்தாள் வந்ததும் மிஸ் சொன்ன ஒழுங்கில் தொடங்கினேன். கடிதம். முதல் வேலையாகத் திகதி. பிறகு கிரகித்தல், பந்தியில் இருந்த சொற்களையே எடுத்து எழுதினேன். சுருக்கத்தைச் சொல் எண்ணி முடித்தேன். எல்லாம் முடிந்தபோது கையில் நல்ல நேரம் இருந்தது. இனிக் கட்டுரை. தலைப்புகளைப் பார்த்தேன். சூழல் பற்றி ஒன்று இருந்தது, நான் மனனம் பண்ணியதற்குக் கிட்ட. அதற்குக் கீழே ஒரு தலைப்பு: மழைநாள் ஒன்று.

அதைத் தொடக்கூடாது என்று எனக்குத் தெரியும். அதற்கு எதையும் ஆயத்தப்படுத்தவில்லை. ஆனால் அந்த இரண்டு சொற்களையும் வாசித்தவுடனேயே மஸ்கட்டில் மழை பெய்யத் தொடங்கிவிட்டது. வருசத்தில் இரண்டு மூன்று நாள்தான் அங்கே மழை. பெய்தால் ரீச்சர்மாரே வகுப்பைவிட்டு வெளியே ஓடிவருவார்கள். எல்லாப் பிள்ளைகளும் முற்றத்தில் வாயைத் திறந்துகொண்டு நிற்போம். மணலிலிருந்து ஒரு மணம் எழும்பும். மலையடிவாரத்தில் வறண்டு கிடந்த ஆறு ஒரு மணித்தியாலத்தில் சிவப்பாகப் பெருகி, ரோட்டை மறித்துக்கொண்டு ஓடும். அப்பா காரை நிற்பாட்டிவிட்டு எங்களை இறக்கி அதைக் காட்டுவார். அம்மா காருக்குள் இருந்து, ஊரில் பெய்கிற மழையைப் பற்றி ஏதோ சொல்லுவார், நான் கேட்கமாட்டேன்.

எழுதினேன். வசனம் ஒவ்வொன்றும் அம்மாவின் குரலில், காதுக்குள் சொல்வதுபோல வந்தது. சின்ன வசனமாக இருக்கிறதா என்று நான் பார்க்கவில்லை. அந்த ஆற்றை எழுதியபோது 'வரண்ட'வா 'வறண்ட'வா என்று சந்தேகம் வந்தது. எதை எழுதினேன் என்பது இன்றுவரை எனக்கு ஞாபகமில்லை. மணி அடித்தபோது கை நனைந்திருந்தது.

வெளியே வந்ததும் அம்மா கேட்டார். "கட்டுரை?"

"சூழல் வந்தது" என்றேன். அது பொய்யில்லை. வந்ததுதான்.

அதன்பிறகு நாலு மாதம் அந்த ஒரு பொய்யோடு இருந்தேன். முப்பத்தைந்துக்கு வந்த புள்ளிகளை நானே தண்ணியில் விட்டுவிட்டேன் என்று சில நாள் நினைப்பேன். சில நாள், கடற்கரையில் நடக்கும்போது, அந்தக் கட்டுரையின் ஒரு வசனம் திரும்பி வரும், அது நல்ல வசனமாகத்தான் இருக்கும்.

பெறுபேறு வந்த நாள் அப்பா பள்ளிக்கூடத்துக்கு வந்தார். பலகையில் ஒட்டியிருந்த தாளில் என் சுட்டெண்ணைத் தேடி, அடிமட்டம் வைத்தது மாதிரி விரலை நேராக நகர்த்தினார். கணிதம் ஏ. விஞ்ஞானம் ஏ. ஆங்கிலம் ஏ. தமிழ் எஸ். வெறும் சித்தி.

"காணும்" என்றார் அப்பா. கைலேஞ்சியால் தன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து, அப்பா பெறுபேற்றை எழுதிக்கொண்டுவந்த தாளைப் பார்த்தார். சந்தோசம்தான். என் தலையில் கைவைத்தார். பிறகு அந்த எஸ்ஸைப் பார்த்தபடி, "முப்பத்தைஞ்சுக்கும் ஐம்பதுக்கும் நடுவில எங்கயோ" என்றார்.

அப்போதுதான் சொன்னேன். சூழல் எழுதவில்லை, மழை எழுதினேன் என்று.

கோபிப்பார் என்று நினைத்தேன். அம்மா கதிரையில் இருந்தார். "என்ன எழுதினனீ? சொல்லு" என்றார். சொல்லத் தொடங்கினேன். பள்ளிக்கூட முற்றம், மணல் மணம், சிவப்பு ஆறு. ஆனால் அந்த மண்டபத்தில் வந்த மாதிரி அது வரவில்லை. சொற்கள் எங்கேயோ போய்விட்டிருந்தன. பாதியில் நிறுத்திவிட்டேன். அந்தக் கட்டுரை என்னைக் காப்பாற்றியதா, கவிழ்க்கப் பார்த்ததா என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. விடைத்தாளை ஒருவரும் திருப்பித் தருவதில்லை.

"பரவாயில்லை" என்றார் அம்மா. "ஞாபகம் வரேக்க சொல்லு."

அடுத்த கிழமை அப்பா உயர்தரத்துக்குப் புது நேரசூசி கீறினார். உயிரியல், இரசாயனம், பௌதிகம். மூன்று நிறம் போதுமாயிருந்தது. செம்மஞ்சள் பென்சிலை அம்மா மேசையிலிருந்து எடுத்துக்கொண்டுபோய், கடைச்சாமான் எழுதுகிற கொப்பியோடு வைத்துக்கொண்டார்.